நூறு முறை சுண்டினால் தொடர்ந்து ஐந்து தலை விழுமா? ரிகர்ஷன் போட்டுப் பார்த்த பதிவு

ஒரு பள்ளியின் கணித மன்றத்துக்காக ஒரு விளையாட்டைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. விளையாட்டு புதிதல்ல, ஹங்கேரியக் கணித ஆசிரியர் தமாஷ் வர்காவின் பெயரோடு வழங்குவது. வகுப்பில் பாதிப் பேர் நாணயத்தை நிஜமாகவே சுண்டி, விழுந்தது தலையா பூவா என்று வரிசையாக எழுத வேண்டும். மீதிப் பேர் நாணயத்தைத் தொடாமல் மனசுக்குத் தோன்றியபடி எழுத வேண்டும். யார் எந்தக் கூட்டம் என்று தெரியாத ஆசிரியர், தாள்களைப் பார்த்தே நிஜத்தையும் போலியையும் பிரிக்க வேண்டும். வர்கா 200 முறை சுண்டச் சொன்னார். ஒரு பீரியடுக்குள் முடிய வேண்டும் என்பதால் நான் 100 ஆகக் குறைத்துக்கொண்டேன்.

பிரிப்பதற்கான சூட்சுமம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கற்பனையாக எழுதுகிறவர் மூன்று தலை தொடர்ந்து எழுதியதுமே 'இது ரொம்ப ஓவர்' என்று நினைத்துப் பூவுக்குத் தாவிவிடுவார். நாணயத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஆனால் 'நீளமான தொடர் இருந்தால் நிஜம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. எத்தனை நீளம்? நான்கா, ஐந்தா, ஆறா? 100 முறையில் அந்த நீளம் வராமலே போக எவ்வளவு வாய்ப்பு? இந்த எண்கள் கையில் இருந்தால்தான் ஒரு தாளைப் போலி என்று சொல்ல வாய் வரும்.

பெரிய எண்ணுக்குப் போகுமுன் சின்னதை எடுத்துக்கொண்டேன். 10 முறை சுண்டும்போது எங்காவது தொடர்ந்து மூன்று தலை விழ வாய்ப்பு எவ்வளவு? இதை எடுத்ததற்குக் காரணம், சரியான விடை ஏற்கெனவே இருக்கிறது. பிரான்சிலிருந்து மத நெருக்கடியால் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த ஆபிரகாம் டி முவாவ்ர், 18-ஆம் நூற்றாண்டிலேயே இதே கணக்கைப் போட்டு 65/128 என்று எழுதி வைத்திருக்கிறார். சரிபாதியைவிடக் கொஞ்சம் அதிகம். நான் எழுதும் நிரல் அந்தப் பின்னத்தை அப்படியே தர வேண்டும், இல்லையென்றால் எங்கோ கோளாறு.

முதலில், குறுக்கு வழிகள் ஏன் உதவாது என்று பார்த்துவிடலாம். 10 முறையில் தொடர்ந்து மூன்று இடங்கள் எட்டு விதமாக அமையும்: 1-2-3, 2-3-4, இப்படியே 8-9-10 வரை. ஒவ்வொன்றிலும் மூன்றும் தலையாக இருக்க 1/8 வாய்ப்பு. எட்டையும் கூட்டினால் 1. அதாவது, கட்டாயம் வந்தே தீரும் என்று அர்த்தமாகிறது. பத்தும் பூவாகவே விழலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆகவே இது தப்பு. கொஞ்சம் கெட்டிக்காரர்கள் வேறு விதமாகப் போடுவார்கள்: எட்டு இடத்திலும் வராமல் போக (7/8)^8, அதை ஒன்றிலிருந்து கழித்தால் சுமார் 0.656. பார்க்க நம்பும்படியாக இருப்பதால் இது இன்னும் ஆபத்து. சரியான விடை 0.508. வித்தியாசத்துக்குக் காரணம் அந்த எட்டு இடங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது. 1-2-3 மூன்றும் தலை என்றால் 2-3-4 தலையாக இன்னும் ஒரே ஒரு தலைதான் வேண்டும். தலைத் தொடர்கள் கொத்துக் கொத்தாக வரும். தனித்தனி நிகழ்ச்சிகளாக நினைத்துப் பெருக்கினால், ஒரே கொத்தைப் பல கொத்தாக எண்ணிவிடுவோம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டால் போதும். 'தொடர் எங்கே இருக்கிறது?' என்று கேட்காமல், 'தொடர் முதன்முதலாக எந்தச் சுண்டுதலில் நிறைவடைகிறது?' என்று கேட்க வேண்டும். 'முதன்முதலாக' என்றால் ஒரு வரிசைக்கு ஒரே விடைதான் இருக்க முடியும், எனவே இரட்டை எண்ணிக்கைக்கு இடமில்லை.

n முறைக்குள் தொடர்ந்து k தலை வந்திருக்கும் நிகழ்தகவை P(n) என்போம். தலை விழ வாய்ப்பு p, பூ விழ q. இது இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, n-1 முறைக்குள்ளேயே வந்துவிட்டது. அது P(n-1). இரண்டாவது, அதுவரை வராமல் இருந்து, சரியாக n-ஆவது சுண்டுதலில் முதல் தடவையாக நிறைவடைகிறது. இந்த இரண்டாவது வழியில்தான் விஷயமே இருக்கிறது. கடைசி k சுண்டுதலும் தலை. அதற்கு நேர்முன்னால் இருப்பது பூவாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் தலையாக இருந்திருந்தால் தொடர் ஒரு படி முன்னதாகவே நிறைந்திருக்கும், முதல் வழியில் அது எண்ணப்பட்டுவிட்டது. அந்தப் பூவுக்கும் முன்னால் இருக்கும் n-k-1 சுண்டுதலில் தொடர் வந்திருக்கக் கூடாது. நடுவில் பூ நிற்பதால் முன்பக்கத் தலைகளும் பின்பக்கத் தலைகளும் சேர முடியாது, ஆகவே இந்த மூன்று பகுதியையும் தைரியமாகப் பெருக்கலாம்.

```
P(n) = P(n-1) + (1 - P(n-k-1)) * q * p^k      (n > k)
P(k) = p^k
P(n) = 0                                      (n < k)
```

அவ்வளவுதான் சூத்திரம். ஒவ்வொரு விடையையும் அதற்கு முந்திய விடைகளிலிருந்தே எடுக்கும் இந்த முறைக்குத்தான் ரிகர்ஷன் என்று பெயர். P(k)-ஐத் தனியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முதல் k சுண்டுதலும் தலை என்றால் அதற்கு முன்னால் பூ நிற்க இடமே இல்லை, அதனால் அங்கே q வராது.

கணினியைத் தொடுமுன் இதைக் கையால் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. பின்னம் வேண்டாம், எண்ணிக்கையாகவே போடலாம். n முறை சுண்டினால் மொத்தம் 2^n வரிசைகள். அவற்றில் மூன்று தலை தொடர்ந்து வரும் வரிசைகள் N(n) என்று வைத்தால், மேலே உள்ள சூத்திரம் இப்படி மாறும்:

```
N(n) = 2*N(n-1) + 2^(n-4) - N(n-4)
```

N(3) = 1. N(4) = 2 + 1 - 0 = 3. இதை விரல் விட்டே சரிபார்க்கலாம்: தலை-தலை-தலை-தலை, தலை-தலை-தலை-பூ, பூ-தலை-தலை-தலை, மூன்றே மூன்று. அடுத்து N(5) = 6 + 2 = 8, N(6) = 16 + 4 = 20. ஏழிலிருந்து கழித்தல் வேலை செய்யத் தொடங்கும்: N(7) = 40 + 8 - 1 = 47. N(8) = 94 + 16 - 3 = 107. N(9) = 214 + 32 - 8 = 238. N(10) = 476 + 64 - 20 = 520. மொத்த வரிசைகள் 1024. 520/1024-ஐச் சுருக்கினால் 65/128. டி முவாவ்ர் சொன்னதேதான். அவர் இந்த வழியில் வரவில்லை. 1-ஐ 1 - x - x² - x³ ஆல் நீள்வகுத்தல் செய்து, கிடைத்த 1, 1, 2, 4, 7, 13, 24, 44 என்ற கெழுக்களை வைத்து வந்தார். இந்த எண்கள் ஒவ்வொன்றும் தனக்கு முந்திய மூன்றின் கூட்டுத்தொகை. வேறு பாதை, அதே ஊர்.

இனி நிரல். பைத்தானில் `Fraction` பயன்படுத்தினேன், தசமம் வேண்டாம் என்று. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கணக்கில் P-க்குப் பதிலாக 'தொடர் வராத' நிகழ்தகவு Q = 1 - P வைத்துக்கொண்டால் வரி சின்னதாகிறது.

```python
from fractions import Fraction as F

def run_prob(n, k, p=F(1, 2)):
    q = 1 - p
    Q = [F(1)] * (n + 1)
    for m in range(k, n + 1):
        if m == k:
            Q[m] = 1 - p**k
        else:
            Q[m] = Q[m-1] - q * p**k * Q[m-k-1]
    return 1 - Q[n]

print(run_prob(10, 3))          # 65/128
print(float(run_prob(100, 5)))  # 0.8101...
```

ரிகர்ஷன் என்று தலைப்பில் போட்டுவிட்டு `for` சுற்று எழுதியிருக்கிறானே என்று கேட்கலாம். தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷனாகவும் எழுதலாம். ஆனால் ஒவ்வோர் அழைப்பும் இரண்டு அழைப்புகளாகக் கிளைக்கும், ஒரே Q(20) மறுபடி மறுபடி கணக்கிடப்படும். n = 20 என்றால் கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும். n = 100 என்றால் அழைப்புகள் கோடிக்கணக்கில் பெருகி, திரை அப்படியே நிற்கும். ஒரு தடவை கணக்கிட்டதை நினைவில் வைத்துக்கொள்ளும் `lru_cache` போட்டால் அந்தப் பிரச்சினை தீரும், ஆனால் n பெரிதாக, ஆயிரத்தைத் தாண்டும்போது `RecursionError` வரும். கீழிருந்து மேலே பட்டியலை நிரப்பிக்கொண்டு போவதில் இந்த இரண்டுமே இல்லை. தொடர்பு ரிகர்ஷன், கணக்கிடும் விதம் மட்டும் படிப்படி.

நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர்களுக்கு விரிதாள் போதும். k = 5 என்று வைத்துக்கொள்வோம். A2-இல் 0, A3-இல் 1 என்று A102-இல் 100 வரை n. B2 முதல் B6 வரை 0. B7-இல் `=0.5^5`. B8-இல் `=B7+(1-B2)*0.5^6`. B8-ஐப் பிடித்து B102 வரை கீழே இழுத்தால் முடிந்தது. B102-இல் 0.8101 தெரிய வேண்டும். கணித மன்றத்தில் நான் காட்டப்போவது இதைத்தான். பைத்தானைவிட இது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும், ஒவ்வொரு கட்டமும் எங்கிருந்து வருகிறது என்று சொடுக்கிப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கில் வழக்கமாக நுழையும் பிழைகள் இரண்டு. இரண்டுக்கும் அடையாளம் வேறு வேறு.

முதலாவது, பூவை மறந்துவிடுவது. q இல்லாமல் p^k மட்டும் போட்டால், k = 3 வைத்து P(4) = 1/8 + 1/8 = 1/4, அதாவது 16-இல் 4 என்று வரும். மேலே விரல் விட்டு எண்ணியபோது மூன்றுதான் இருந்தது. நான்கும் தலையான வரிசை இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. இந்தப் பிழை முதல் படியிலேயே தலைகாட்டிவிடும், பிடிப்பது சுலபம்.

இரண்டாவது கொஞ்சம் கள்ளத்தனமானது. `Q[m-k-1]` என்பதற்குப் பதில் `Q[m-k]` என்று எழுதிவிடுவது. k = 3 என்றால் P(4), P(5) இரண்டும் சரியாகவே வரும், ஏனென்றால் அந்த இடங்களில் எடுக்கப்படும் Q எப்படியும் 1-தான். ஆறில்தான் வழுக்கும். சரியான விடை 20/64, அதாவது 5/16. பிழையுள்ள நிரல் 39/128 தரும். தசமத்தில் பார்த்தால் 0.3125-க்குப் பதில் 0.3047. யாருக்கும் சந்தேகமே வராது. பின்னமாகப் பார்த்தால் உடனே அகப்படும்: ஆறு முறை சுண்டினால் மொத்தம் 64 வரிசைகள்தான், பகுதியில் 128 எப்படி வரும்? பத்தொன்பதரை வரிசை என்று ஒன்று உண்டா? `Fraction` வேண்டும் என்று அடம்பிடித்ததற்குக் காரணம் இதுதான். சீரான நாணயத்துக்குப் பகுதி 2^n-ஐத் தாண்டினால் நிரல் தப்பு, விடையே தெரிந்திருக்கத் தேவையில்லை.

இதற்கு மேலும் நிம்மதி வேண்டுமென்றால், சின்ன n-க்கு எல்லா வரிசைகளையும் எழுதி எண்ணிவிடலாம். ஒரு வரி போதும்:

```python
from itertools import product
print(sum('HHH' in ''.join(s) for s in product('HT', repeat=10)))  # 520
```

n = 20 வரை இது தாங்கும். 20 முறையில் தொடர்ந்து நான்கு தலைக்கு இரண்டு வழியிலும் 501239/1048576 வருகிறது, சுமார் 0.478. இரண்டும் ஒத்துப்போனால் 100-க்கு ரிகர்ஷன் தருவதை நம்பலாம். 2^100 வரிசைகளை எழுதி எண்ண எந்தக் கணினியாலும் ஆகாது.

நாணயம் சீராக இல்லாவிட்டாலும் சூத்திரம் அப்படியே வேலை செய்யும், p-ஐ மாற்றினால் போதும். தலை விழ 0.6 என்றால் 10 முறையில் மூன்று தொடர் தலைக்கான வாய்ப்பு 0.508-இலிருந்து 0.701-க்குத் தாவுகிறது. p-இல் 0.1 கூட்டியதற்கு இவ்வளவு ஏற்றம். ஒரு சுண்டுதல் அடுத்ததைப் பாதிக்கக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் மாற்ற முடியாது. அது போனால் மேலே தைரியமாகப் பெருக்கியது எல்லாம் போய்விடும்.

சரி, 100-க்கு வருவோம். தொடர்ந்து ஐந்து தலையாவது விழ வாய்ப்பு 0.810. ஆறு, 0.546. ஏழு, 0.318. இங்கே 'ஆவது' முக்கியம். P(n) சொல்வது 'குறைந்தது k'. மிக நீளமான தலைத் தொடர் சரியாக ஆறாக இருக்கும் வாய்ப்பு வேண்டுமென்றால் 0.5461-இலிருந்து 0.3175-ஐக் கழித்து 0.2286 என்று எடுக்க வேண்டும். நூறு தடவை சுண்டினால் ஆறு தலை தொடர்ந்து விழுவது, விழாமல் இருப்பதைவிடச் சாத்தியம் கூடியது என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். விரிதாளை இழுத்துக் காட்டினால்தான் சரி.

ஆனால் நம் விளையாட்டுக்கு இது போதாது. போலித் தாளில் தலைத் தொடர் மட்டுமா குட்டையாக இருக்கும்? பூத் தொடரும் குட்டையாகத்தான் இருக்கும். தலையோ பூவோ, ஒரே பக்கம் தொடர்ந்து விழுந்த மிக நீளமான தொடர் எது என்று பார்ப்பதுதான் கூர்மையான சோதனை. இதற்குப் புதுச் சூத்திரம் தேடிப் போகத் தேவையில்லை. தாளில் ஒவ்வொரு சுண்டுதலுக்கும் கீழே, அது முந்தியதைப் போலவே விழுந்தால் 'அ' என்றும் (அதே), மாறி விழுந்தால் 'மா' என்றும் எழுதுங்கள். பூ-பூ-பூ-தலை-தலை-பூ என்ற வரிசை அ-அ-மா-அ-மா என்று மாறும். 100 சுண்டுதலுக்கு 99 குறிகள். சீரான நாணயத்தில் 'அ'வும் 'மா'வும் சரிபாதி வாய்ப்புள்ளவை, ஒன்றை ஒன்று பாதிக்காதவை. அதாவது அதுவும் ஒரு நாணயம் சுண்டிய வரிசைதான். ஒரே பக்கம் ஐந்து தடவை தொடர்வது, நான்கு 'அ' தொடர்வதற்குச் சமம். ஆகவே `run_prob(99, 4)` போட்டால் போதும். நாணயம் கோணலாக இருந்தால் மட்டும் இந்த மாற்று செல்லாது, அப்போது அடுத்தடுத்த 'அ'க்கள் ஒன்றையொன்று சார்ந்துவிடும்.

விடைகள்: ஒரே பக்கம் குறைந்தது ஐந்து தடவை தொடர வாய்ப்பு 0.972. குறைந்தது ஆறு, 0.807. குறைந்தது ஏழு, 0.542. நிஜமாகச் சுண்டிய தாள்களில் பாதிக்கு மேல் ஏழு நீளத் தொடர் இருக்கும். கற்பனையில் எழுதுகிறவர் ஏழு தடவை ஒரே எழுத்தைத் தொடர்ந்து எழுதத் துணிவாரா? அபூர்வம்.

ஆகவே, மிக நீளமான தொடர் நான்கு அல்லது அதற்குக் கீழ் என்றால் 'போலி' என்று ஆசிரியர் சொல்லலாம் என்று முதலில் விதி வகுத்தேன். நிஜத் தாள் ஒன்று இந்த விதியில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு 0.028தான். ஒரு தாளுக்கு அது சின்ன எண். ஆனால் 40 பேர் வகுப்பில் 20 பேர் நிஜமாகச் சுண்டியிருந்தால், அந்த 20 பேரில் ஒருவராவது அநியாயமாக மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 1 - 0.9717^20, சுமார் 0.44. நாணயத்தை நூறு தடவை சுண்டி உழைத்த பிள்ளையைப் பார்த்து 'நீ கதை எழுதினாய்' என்று சொல்லும் சங்கடம், இரண்டு வகுப்புக்கு ஒரு தடவை வரும் போலிருக்கிறது.

விதியை இறுக்கி, மூன்றும் அதற்குக் கீழும்தான் போலி என்று வைத்தால் நிஜத் தாள் மாட்டுவது பத்தாயிரத்தில் மூன்று. 20 தாளுக்கும் சேர்த்துக்கூட 0.006தான். ஆனால் நான்கு வரை எழுதத் துணிந்த போலிகள் அத்தனையும் தப்பித்துவிடும். கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டேன்: மூன்று என்றால் 'போலி', நான்கு என்றால் 'சந்தேகம்' என்று தனியாக ஒதுக்கிவைத்து, அந்தத் தாள்களில் மட்டும் 'மா' எத்தனை என்று எண்ணச் சொல்வது. நிஜத் தாளில் 99-இல் சராசரி 49.5 இருக்கும். கற்பனைத் தாளில் கை அடிக்கடி மாறுவதால் அது அறுபதைத் தாண்டுவது சகஜம்.